ஐந்தரையாவது நிமிடத்தில் பால் பொங்கும்

அக்கா மகள் சின்னதாக ஒரு யூடியூப் சேனல் வைத்திருக்கிறாள். போன வருஷம் திருச்சி வீட்டு ஹாலைப் புதுப்பித்து அதைப் படமாகப் போட்டாள். உழைப்புக்குக் குறைவில்லை. ஆனால் பார்த்து முடித்ததும் அவள் அம்மா கேட்ட கேள்வி இது: "இது நம்ம வீடுதானாடி?"

பாராட்டாகத்தான் அவள் எடுத்துக்கொண்டாள். எனக்கு அது குறையாகப் பட்டது. பழைய ஹாலை ராத்திரி டியூப் லைட்டில், சோபாவுக்குப் பக்கத்தில் நின்று எடுத்திருந்தாள். புதிய ஹாலை மறுநாள் காலை வெயிலில், வாசல் பக்கத்திலிருந்து, அகலமாகக் காட்டும் லென்ஸில் எடுத்திருந்தாள். சுவரின் நிறம் மாறியதா, வெளிச்சம் மாறியதா, அறையே பெரிதாகிவிட்டதா என்று பார்ப்பவருக்குத் தெரியவில்லை. இரண்டு வேறு வீடுகளின் படம் மாதிரிதான் இருந்தது.

அடுத்து சமையலறை என்று முடிவானபோது, கொத்தனாரைக் கூப்பிடும் முன்பே ஸ்கிரிப்ட் எழுதிவிடலாம் என்றேன். சினிமா, நாடகம் எதுவானாலும் ஒரு காட்சி சரியாக வரவில்லை என்றால் மறுபடி எடுக்கலாம். வீடு புதுப்பிக்கும் படத்தில் முதல் சுத்தியல் விழுந்த பிறகு 'முன்பு' என்பதை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. அதனால் கடைசியில் எந்தப் படம் வேண்டும் என்பதை முதல் நாளே தீர்மானித்து, அதே படத்தைப் பழைய அறையிலும் எடுத்து வைக்க வேண்டும். இந்த வகை ஸ்கிரிப்ட்டைப் பின்னாலிருந்து முன்னால் எழுத வேண்டும் என்பது இதனால்தான்.

சமையலறை எட்டுக்கு ஏழு அடி. 1994-இல் கட்டிய வீடு. 'ட' வடிவத்தில் கடப்பா கல் மேடை, அதன் கீழே கதவில்லாத தட்டுகள், மேலே பரண். சிங்க் பக்கத்துச் சுவரில் எப்போதும் ஓதம். மேடையை மாற்றுவதில்லை என்று முடிவெடுத்தோம். சுவருக்கு நாலடி உயரம் புது டைல்ஸ், கீழ்த் தட்டுகளுக்குக் கதவு, புது சிங்க், பெயிண்ட், விளக்கு. கையிலிருந்தது 50,000 ரூபாய்.

முதல் வேலையாக, தரையில் நான்கு இடங்களில் கலர் டேப் ஒட்டினாள். ஸ்டாண்டின் மூன்று கால்களும் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கான அடையாளம் அது. வாசலில் ஒன்று, ஜன்னல் மூலையில் ஒன்று, சிங்க்குக்கு எதிரே ஒன்று, கீழ்த் தட்டுக்கு எதிரே தாழ்வாக ஒன்று. ஒவ்வொரு இடத்துக்கும் ஸ்டாண்டின் உயரம், போனில் எந்த லென்ஸ், மணி என்ன என்பதை நோட்டில் எழுதிக்கொண்டாள். ஜன்னல் கிழக்கே பார்த்தது. காலை பத்து மணிக்குத்தான் வெளிச்சம் ஒரே சீராக இருந்தது. ஆகவே 'முன்பு' பத்து மணி என்றால் 'பின்பு' படமும் பத்து மணிதான்.

தரையில் வேலை நடந்தால் டேப் பிய்ந்துபோகும். தரையை நாங்கள் தொடவில்லை. இருந்தும் சிமெண்ட் விழுந்து இரண்டு அடையாளங்கள் மறைந்துவிட்டன. சுவரிலிருந்து எத்தனை அங்குலம் என்று நோட்டில் அளந்து வைத்திருந்ததால் தப்பித்தோம். இனி செய்பவர்கள் அளவை முதலில் எழுதிவிட்டு அப்புறம் டேப் ஒட்டலாம்.

போன் கேமராவுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இருட்டான அறையைக் கொஞ்சம் பிரகாசமாக்கும், பளிச்சென்ற அறையைக் கொஞ்சம் மங்கலாக்கும். விட்டால் பழையதையும் புதியதையும் தானே சமப்படுத்திவிடும். திரையில் ஓரிடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் வெளிச்சமும் ஃபோகஸும் பூட்டிக்கொள்ளும். எதன்மேல் வைத்துப் பூட்டுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மாறப்போகாத ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எங்களுக்கு ஜன்னல் கம்பி. அதற்குப் பெயிண்ட் அடிப்பதாக இல்லை. இரண்டு படத்திலும் ஜன்னல் கம்பி ஒரே நிறத்தில், ஒரே பிரகாசத்தில் தெரிந்தால், சுவரில் தெரியும் மாற்றம் சுவரில் நடந்த மாற்றம்தான்.

பார்ப்பவர்களுக்கும் இது ஓர் உரைகல். அடுத்த முறை இப்படி ஒரு படம் பார்க்கும்போது புதுச் சுவரைப் பார்க்காமல், மாறாத பொருள் எதையாவது தேடிப் பாருங்கள்: கதவு நிலை, சுவிட்ச் போர்டு, பக்கத்து வீட்டுச் சுவர். 'முன்பு' படத்தில் அதுவும் அழுது வடிந்தால், பாதி மாற்றம் கேமராவில் நடந்தது என்று அர்த்தம்.

நடுவில் வரும் வேலைக் காட்சிகளில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். ஒன்பது நாள் வேலை, மணிக்கணக்காகப் பதிவு, படத்தில் அதற்கு இருப்பதோ மூன்றரை நிமிடம். முதல் படத்தில் அவள் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துவிட்டு, எதை வெட்டுவது என்று தெரியாமல் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தாள். இந்த முறை கணக்கைத் திருப்பிப் போட்டோம். டைல்ஸ் ஒட்டுவதற்குப் படத்தில் 12 விநாடி போதும். விநாடிக்கு 25 படம் என்றால் மொத்தம் 300 படம். டைல்ஸ் ஒட்ட ஐந்து மணி நேரம், அதாவது 300 நிமிடம். ஆக நிமிடத்துக்கு ஒரு போட்டோ. பத்து விநாடிக்கு ஒன்று என்று வைத்திருந்தால் 1,800 படம் சேர்ந்து, ஓட்டினால் 72 விநாடி வந்திருக்கும். அதைச் சுருக்க இன்னொரு நாள் போயிருக்கும்.

எல்லா வேலையையும் இப்படி வேகமாக ஓட்டக் கூடாது. டைல்ஸ் ஒவ்வொன்றாக ஏறுவது வேகத்தில் அழகு. பட்டி பார்ப்பதை வேகமாக ஓட்டினால் வெள்ளைச் சுவர் வெள்ளைச் சுவராகவே நிற்கும். ஒன்றும் நடக்காதது போலிருக்கும். அதற்குக் கிட்டத்தில் போய், பட்டித் தகடு சுவரில் உரசும் சத்தத்தோடு நான்கு விநாடி எடுத்தால் போதும். இது தவிர தினமும் சாயந்தரம் ஆட்கள் போனதும் வாசல் அடையாளத்தில் ஸ்டாண்டை வைத்து 20 விநாடி அசையாத படம். ஒன்பது நாளுக்கு ஒன்பது படம். ஒன்றின் மேல் ஒன்று கரைத்து வைத்தால் அறை கண்ணெதிரே வளரும். மிகச் சோம்பேறித்தனமான வேலை, மிக அதிகப் பலன்.

எலக்ட்ரீஷியன் எல்.ஈ.டி. விளக்கைப் போட்டதும் படத்தில் கோடு கோடாக ஓடியது. விளக்கில் கோளாறு என்று அவரைத் திரும்பக் கூப்பிடப் போனாள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். போனோ விநாடிக்கு 30 படம் என்று வைக்கப்பட்டிருந்தது. 25 படமாகவும், ஷட்டரை ஐம்பதில் ஒரு விநாடியாகவும் மாற்றியதும் கோடு போய்விட்டது. வேலை ஆரம்பிக்கும் முன்பே மாற்றியிருந்தால் ஒரு நாள் படம் வீணாகியிருக்காது.

இனி பணம். திரையின் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டத்தில் செலவு ஏறிக்கொண்டே போகும் அல்லவா, அது வெறும் தகவல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இந்தப் படத்தில் அதுதான் கதையை நடத்தியது.

வேலைக்கு முன் நாங்கள் போட்ட மதிப்பு 49,000. உடைப்பு, டைல்ஸ், கூலி, இடித்ததை அள்ளிப் போக குட்டியானை வண்டி, எல்லாம் சேர்த்து 12,100. பெயிண்ட் வேலை 8,200. விளக்கு, இரண்டு பிளக் பாயிண்ட் 3,600. சிங்க், அதற்கான குழாய், பிளம்பர் கூலி 6,600. கீழ்த் தட்டுகளுக்கு 35 சதுர அடி கதவு, சதுர அடி 450 வீதம் 15,750. சில்லறைச் சாமான் 2,750. 50,000-இல் மிச்சம் 1,000. பழைய வீட்டில் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பத்தில் ஒரு பங்காவது ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை.

இரண்டாம் நாள் சிங்க் பக்கத்து டைல்ஸைப் பெயர்த்ததும் ஓதத்தின் காரணம் தெரிந்தது. உள்ளே போன பழைய ஜி.ஐ. குழாய் துருப்பிடித்துக் கசிந்துகொண்டிருந்தது. சிபிவிசி குழாய் போட்டு, பிளம்பருக்கும் கொடுத்தது 4,300. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூடுதலாக ஒரு நாள் கூலி 1,800. ஆக 6,100.

அன்றைக்கே கட்டத்தைச் சிவப்பாக்கி, 'பட்ஜெட் தாண்டியது' என்று போடப் போனாள். வேண்டாம் என்றேன். அன்று வரை செலவு 18,200 தான். கட்டத்தில் இன்னும் 31,800 மிச்சம் இருக்கிறது. பார்ப்பவர் அதைப் பார்த்து, பரவாயில்லை, சமாளித்துவிடுவார்கள் என்று நினைப்பார். அப்படியே நினைக்கட்டும். பெயிண்ட் முடிந்ததும் 26,400. மின்சார வேலையோடு 30,000. சிங்க் வந்ததும் 36,600, மிச்சம் 13,400. அடுத்து வரப்போவது கதவு, 15,750. அதன் விலையை முதல் நிமிடத்திலேயே சொல்லியாயிற்று. கணக்கு தெரிந்தவர்கள் கதவு வருவதற்கு முன்பே முன்னால் நகர்ந்து உட்காருவார்கள். கதவு ஏறியதும் கட்டம் 52,350 என்று காட்டிச் சிவப்பாகும். கசிவு நடந்தது இரண்டாம் நாள். அதன் வலி தெரிவது எட்டாம் நாள். வீட்டுச் செலவு உண்மையிலும் அப்படித்தானே நடக்கிறது.

கட்டத்தைப் படத்தின் மேல் இடது மூலையில் வைத்தோம். கீழே வைத்தால் வசன எழுத்தும், யூடியூபின் ஓடும் கோடும் மறைக்கும். ஒவ்வொரு பில்லுக்கும் எண்ணை மாற்றினால் மீட்டர் ஆட்டோ மாதிரி ஆகிவிடும். ஏழு தலைப்பு, ஏழே மாற்றம். ஒவ்வொன்றும் ஐந்து விநாடி நிற்கும். எடிட்டிங் மென்பொருளைத் தானாக எண்ண விட்டால் இலட்சத்தில் கால்புள்ளியை மேல்நாட்டு வழக்கப்படி போட்டுவிடும். எங்கள் தொகை இலட்சத்தைத் தொடாததால் பிழைத்தோம். தமிழ் எழுத்துதான் பாடாய்ப் படுத்தியது. அவள் முதலில் பயன்படுத்திய செயலியில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக நின்றது. 'கொத்தனார்' படிக்க முடியாமல் போயிற்று. வேறு எழுத்துரு மாற்றியும் சரிவராமல், கடைசியில் சொற்களை வேறொரு செயலியில் படமாகச் செய்து ஒட்டினாள்.

பேச்சில் ஒரு தொகை, கட்டத்தில் ஒரு தொகை என்று வருவது இந்த வகைப் படங்களில் அடிக்கடி நடக்கும் தவறு. படம் எடுக்கும்போது வாயால் சொன்னது மதிப்பு. கட்டத்தில் போட்டது உண்மைச் செலவு. அதனால் படப்பிடிப்பில் தொகையே சொல்லக் கூடாது என்று விதி வைத்தோம். எண்களெல்லாம் கடைசியில், பில்களை அடுக்கிய பிறகு, பின்னணிக் குரலில்.

இன்னொரு சிக்கல் எக்ஸாஸ்ட் ஃபேன். தெரிந்த கடைக்காரர் ஒருவர், படத்தில் காட்டினால் போதும் என்று இலவசமாகக் கொடுத்தார். விலை 2,400. செலவில்லாததால் கட்டத்தில் சேர்க்க வேண்டாம் என்பது அவள் வாதம். இதே வேலையைத் தன் வீட்டில் செய்யப்போகிறவருக்கு அந்த ஃபேன் இலவசமாக வராதே. பணமாக இல்லாமல் பொருளாக வாங்கியிருந்தாலும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் சொல்கிறது. நீல நிறத்தில் தனி வரியாக, 'கடைக்காரர் இலவசமாகத் தந்தது, மதிப்பு 2,400' என்று போட்டாள். பரணைக் காலி செய்து துடைத்ததற்கு அக்கா கொடுத்த இரண்டு நாள் உழைப்பு மட்டும் எந்த வரியிலும் வரவில்லை. அது எங்கேதான் வந்திருக்கிறது?

கடைசியாக, திரை விலகும் அந்த நொடி. 1996-இல் பிபிசியில் ஆரம்பித்த 'சேஞ்சிங் ரூம்ஸ்' நிகழ்ச்சியில் அக்கம்பக்கத்தார் இருவர் வீடு மாற்றிக்கொள்வார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் தங்கள் அறையைப் பார்ப்பார்கள். அமெரிக்காவில் 2003-இல் வந்த 'எக்ஸ்ட்ரீம் மேக்கோவர்: ஹோம் எடிஷன்' குடும்பத்தையே ஒரு வாரம் சுற்றுலா அனுப்பிவிட்டு, திரும்பி வந்ததும் வீட்டை மறைத்து ஒரு பேருந்தை நிறுத்தி, அதை நகர்த்திக் காட்டியது. இரண்டுமே ஒரு நிபந்தனையின் மேல் நின்றவை: வீட்டுக்காரர் வேலையைப் பார்த்திருக்கக் கூடாது.

"மாமா, அம்மாதான் தினமும் ஆட்களுக்கு டீ போட்டுக் குடுத்துக்கிட்டு இருக்காங்களே, அவங்களுக்கு என்ன சர்ப்ரைஸ்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. கண்ணைக் கட்டிக் கூட்டி வந்து, அக்காவை வாயில் கை வைக்கச் சொல்லலாம். பார்ப்பவருக்கு அது நடிப்பு என்று உடனே தெரியும். அக்கா நடிக்கவும் மாட்டாள். அதனால் வியப்பை விட்டுவிட்டு, முதல் உபயோகத்தைத் திறப்பாக வைத்தோம். புது அடுப்படியில் பால் காய்ச்சுவது நம் வழக்கம்தானே. ஒன்பது நாளும் அவள் சுவரைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். அங்கே நின்று சமைக்கவில்லை. அது பத்தாம் நாள் காலைதான்.

மொத்தப் படம் 7 நிமிடம் 10 விநாடி. எட்டு நிமிடம் தொட்டால் நடுவில் விளம்பரம் வைக்கலாம் என்பதால் இழுக்கலாமா என்று யோசித்தாள். இழுத்தால் அந்த 50 விநாடியும் திறப்புக்கு முன்னால்தான் போகும். அங்கேதான் ஆட்கள் பொறுமை இழந்து தள்ளி ஓட்டுவார்கள். விட்டுவிட்டாள். திறப்பு 5:30-க்கு, அதாவது முக்கால் பங்கு தாண்டியதும். அதற்குப் பிறகு மிஞ்சும் ஒரு நிமிடம் 40 விநாடி, அறையை நிதானமாகப் பார்க்கவும் கணக்கு முடிக்கவும் போதும்.

முதல் எட்டு விநாடியில் புது அறையை முழுதாகக் காட்டக் கூடாது என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். புதுக் குழாயிலிருந்து தண்ணீர் விழுவது, கதவுக் கைப்பிடியில் ஒரு கை, அவ்வளவுதான். கடைசியில் இருக்கும் பலகாரத்தின் வாசனை மட்டும் வரட்டும். ஸ்கிரிப்ட்டில் திறப்புப் பகுதி இப்படி இருந்தது:

5:22. படம்: வாசல் அடையாளத்திலிருந்து பழைய அறை, மூன்று விநாடி. ஒலி: ஒன்றுமில்லை. கட்டம்: இல்லை.
5:25. படம்: அக்காவின் கை, பால் பாத்திரம், அடுப்பு பற்றுகிறது. ஒலி: அடுப்புச் சத்தம் மட்டும்.
5:30. படம்: அதே வாசல் அடையாளம், புது அறை, அக்கா அடுப்பின் முன். ஐந்து விநாடி அசைவில்லாமல். ஒலி: பேச்சு வேண்டாம்.
5:35. படம்: பால் பொங்குகிறது. பிறகு அக்கா முகம்.
5:45. படம்: கீழ்த் தட்டு, பழையதும் புதியதும் பக்கத்தில் பக்கத்தில்.

அந்த ஐந்து விநாடி எழுத்தில் சின்னதாகத் தெரியும். எடிட் செய்யும்போது யுகமாகத் தெரியும். கை தானாக வெட்டப் போகும். ஆனால் முதல் விநாடியில் கண் நிறத்தை மட்டும்தான் பிடிக்கும். பிறகுதான் ஓதம் போனது, தட்டுக்குக் கதவு வந்தது, ஜன்னல் மட்டும் அப்படியே இருப்பது என்று ஒவ்வொன்றாகத் தேடும். தேட விடாமல் அடுத்த காட்சிக்குத் தாவினால், பழைய படத்தை அத்தனை கவனமாக எடுத்தது வீண்.

பால் இரண்டு முறை முதல் தடவையாகப் பொங்காது. அதனால் இரண்டு போன். ஒன்று வாசல் அடையாளத்தில் ஸ்டாண்டில், இன்னொன்று அக்காவின் முகத்துக்கு அருகே அவள் கையில். நானும் ஓர் ஓரத்தில் நின்றேன். பால் பொங்கியது. அக்கா அடுப்பை அணைத்தாள், சுற்றிப் பார்த்தாள், கண் சிங்க் பக்கம் போய் நின்றது.

"டேய், இங்க பாரு. சிங்க் ஓரத்துல தண்ணி நிக்குது."

உண்மைதான். புது சிங்க்கின் விளிம்பு மேடையைவிட ஒரு நூல் உயரமாக உட்கார்ந்திருந்தது. தண்ணீர் உள்ளே வழியாமல் மேடையில் தேங்கியது. மகளுக்கு முகம் விழுந்துவிட்டது. வெட்டிவிடலாம் என்றாள். நான் வைக்கச் சொன்னேன். மூன்று நாள் யோசித்துவிட்டு வைத்தாள். அது வரைக்கும் விளம்பரம் போலிருந்த படம், அந்த ஒரு வரியில் ஒரு வீட்டின் படமாகிவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

கடைசிக் கட்டம் ஆறரையாவது நிமிடத்தில் முழுத்திரையில் வருகிறது. கையிலிருந்து போனது 55,100, இலவசமாக வந்தது 2,400, நீங்கள் செய்தால் 57,500. பிளம்பர் அடுத்த வாரம் வந்து சிங்க்கைக் கழற்றித் தாழ்த்தி உட்கார வைத்தார். கூலி 600. படம் அதற்குள் வெளியாகிவிட்டதால் அந்த 600 எந்தக் கட்டத்திலும் இல்லை. படத்தின் கீழே இருக்கும் குறிப்பில் 55,700 என்று திருத்தி எழுதியிருக்கிறாள்.